ஒன்று இறுக்கும், ஒன்று இளக்கும்: கால்சியம் மாத்திரையும் ஆன்டாசிட்டும்

எலும்புக்காகக் கொடுக்கப்படும் கால்சியம் மாத்திரைகளில் பெரும்பாலானவை கால்சியம் கார்பனேட்டால் ஆனவை. நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் ஆன்டாசிட் திரவங்கள் பலவற்றில் முக்கியச் சரக்கு மெக்னீசியம் ஹைட்ராக்சைடு. இரண்டும் காரத் தன்மை கொண்ட உப்புகள். இரண்டுமே இரைப்பை அமிலத்தோடு சேர்ந்து அதன் கடுமையைத் தணிப்பவை. கால்சியம் கார்பனேட்டையே சப்பிச் சாப்பிடும் ஆன்டாசிட் மாத்திரையாகவும் விற்கிறார்கள். ஆனால் இரைப்பையைத் தாண்டியதும் இவற்றின் போக்கு எதிரெதிராகிறது. முதலாவது வயிற்றை உப்பச் செய்து மலத்தைக் கட்டுகிறது. இரண்டாவது மலத்தை இளக்குகிறது, அளவு கூடினால் வயிற்றுப்போக்கே ஆகிவிடுகிறது. குடலில் உப்பு கரைந்தே இருக்கிறதா, திரும்பவும் திடப்பொருளாகப் படிந்துவிடுகிறதா என்பதில்தான் இந்த வேறுபாட்டின் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது.

குடலின் தண்ணீர்க் கணக்கு

மலம் இறுகுவதையும் இளகுவதையும் தீர்மானிப்பது தண்ணீர். குடிக்கும் நீர், உமிழ்நீர், இரைப்பை நீர், பித்தம், கணைய நீர் எல்லாம் சேர்ந்து ஒரு நாளைக்கு ஏறத்தாழ 9 லிட்டர் திரவம் சிறுகுடலுக்குள் வருகிறது. அதில் பெரும்பகுதியைச் சிறுகுடல் உறிஞ்சிக்கொள்ள, ஒன்று முதல் ஒன்றரை லிட்டர் வரைதான் பெருங்குடலை அடைகிறது. பெருங்குடலும் தன் பங்குக்கு உறிஞ்சியபின் மலத்தோடு வெளியேறுவது 100 முதல் 200 மில்லிலிட்டர் மட்டுமே.

இயல்பான மலத்தில் நான்கில் மூன்று பங்கு தண்ணீர். பெருங்குடல் நாளொன்றுக்குக் கூடுதலாக ஒரு ஐம்பது மில்லி நீரை உறிஞ்சினாலே மலம் கெட்டிப்படும். ஐம்பது மில்லியை விட்டுவிட்டால் இளகும். மொத்த வரத்தோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறிய அளவு. எனவே குடலில் சிறிதளவு நீரைப் பிடித்து வைக்கும் பொருளும், அந்த நீரை விட்டுக்கொடுக்கும் பொருளும் கழிப்பறையில் தெளிவாகத் தெரியும் மாற்றத்தை உண்டாக்கிவிடுகின்றன.

இரைப்பையில்: உப்புசம் தொடங்கும் இடம்

கடையில் '500 மில்லிகிராம் கால்சியம்' என்று விற்கப்படும் கார்பனேட் மாத்திரை ஒன்றில் இருப்பது 1,250 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட். அந்த உப்பின் எடையில் 40 சதவீதம்தான் கால்சியம். கிளிஞ்சல், சுண்ணாம்புக்கல், முட்டை ஓடு எல்லாம் பெரும்பாலும் இதே பொருள்தான். தண்ணீரில் இது கரையாது. கரைக்க அமிலம் வேண்டும். அந்த வேலையை இரைப்பையில் சுரக்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் செய்கிறது.

அமிலம் பட்டதும் கார்பனேட் உடைந்து மூன்று பொருள்கள் கிடைக்கின்றன: நீரில் கரையும் கால்சியம் குளோரைடு, தண்ணீர், கார்பன் டை ஆக்சைடு வாயு. 1,250 மில்லிகிராம் மாத்திரை முழுவதும் இப்படிக் கரைந்தால், உடல் வெப்பநிலையில் சுமார் 300 மில்லிலிட்டர் வாயு உருவாகும். நடைமுறையில் இது ஒரே நொடியில் நடப்பதில்லை. மாத்திரை மெதுவாகக் கரைகிறது. ஒரு பகுதி கரையாமலே குடலுக்குப் போய்விடுவதும் உண்டு. ஆனாலும் உணவால் ஏற்கெனவே நிறைந்திருக்கும் இரைப்பையில் இந்த வாயுவும் சேரும்போது மேல்வயிறு பொருமும், ஏப்பம் வரும்.

மெக்னீசியம் ஹைட்ராக்சைடில் கார்பனேட் இல்லை. அமிலத்தோடு சேர்ந்தால் அதிலிருந்து கிடைப்பவை மெக்னீசியம் குளோரைடும் தண்ணீரும்தான், வாயு வருவதில்லை. சோடா உப்பு கலந்த பொடிகளோ கால்சியம் கார்பனேட்டைவிட வேகமாக வாயுவைக் கிளப்புகின்றன. அவற்றைக் குடித்ததும் வரும் பெரிய ஏப்பம் நோய் விலகியதன் அடையாளம் அல்ல. மருந்தே உண்டாக்கிய வாயு வெளியேறுவதுதான் அது.

உப்புசத்துக்கு இன்னொரு மூலமும் உண்டு. இரைப்பையில் உருவாகும் கார்பன் டை ஆக்சைடு சீக்கிரம் இரத்தத்தில் கலந்து மூச்சு வழியே போய்விடும். அது பெருங்குடல் வரை அதிகம் செல்வதில்லை. ஆகவே மாத்திரை போட்ட அரை மணி, ஒரு மணி நேரத்தில் மேல்வயிற்றில் தெரியும் பொருமல் வேறு. நாள் முழுக்க அடிவயிற்றில் இருக்கும் கனமும் இறுக்கமும் வேறு. பின்னது மலம் தேங்குவதால் வருகிறது. தேங்கிய மலத்தைப் பெருங்குடல் பாக்டீரியாக்கள் நீண்ட நேரம் நொதிக்கச் செய்து வாயுவை உண்டாக்குகின்றன. அந்த வாயு வெளியேறவும் தாமதமாகிறது. எந்த வகை உப்புசம் என்று பிரித்தறிவது பயனுள்ளது, ஏனெனில் இரண்டுக்கும் தீர்வு ஒன்றல்ல.

சிறுகுடலில்: கரைந்தது மீண்டும் படிகிறது

இரைப்பையைவிட்டு இறங்கும் அமிலக் கலவையைக் கணையம் சுரக்கும் பைகார்பனேட் சமன்செய்கிறது. குடலின் அமிலத் தன்மை மளமளவென்று குறைகிறது. அதற்குள் ஒரு பகுதி கால்சியம் உடலில் சேர்ந்துவிடும். பெரியவர்களின் உடல் உட்கொண்ட கால்சியத்தில் ஏறத்தாழ 30 சதவீதத்தைத்தான் உறிஞ்சுகிறது. 500 மில்லிகிராமில் 150 போனால் மீதி 350 மில்லிகிராம் குடலிலேயே நிற்கிறது.

மிஞ்சிய கால்சியத்தால் அமிலம் குறைந்த சூழலில் கரைந்தே இருக்க முடியாது. கார்பனேட்டோடு சேர்ந்து மறுபடியும் கால்சியம் கார்பனேட்டாகிறது. உணவில் உள்ள பாஸ்பேட்டோடு சேர்ந்து கால்சியம் பாஸ்பேட்டாகிறது. ஆழ்துளைக் கிணற்று நீரைக் காய்ச்சும் பாத்திரத்தின் உட்புறம் வெள்ளையாகப் படிவதும் பெரும்பாலும் இதே கால்சியம் கார்பனேட்தான். அங்கே நடப்பதைப் போன்ற படிதல் இங்கே குடலுக்குள் நடக்கிறது.

படிந்த உப்பு தண்ணீரைப் பிடித்து வைப்பதில்லை. நீரில் கரைந்திருக்கும் துகள்களுக்குத்தான் சவ்வூடு பரவல் மூலம் நீரைத் தம் பக்கம் நிறுத்திக்கொள்ளும் ஆற்றல் உண்டு. திடப்பொருளாகிவிட்டால் அந்த ஆற்றல் போய்விடுகிறது. குடல் தன் வழக்கப்படி நீரை உறிஞ்சிக்கொள்ள, நுண்ணிய வெள்ளைத் துகள்கள் மலத்தின் திடப்பகுதியோடு சேர்ந்து அதை மேலும் கெட்டியாக்குகின்றன.

கொழுப்பும் இதில் பங்கு கொள்கிறது. செரிமானத்தின்போது கொழுப்பிலிருந்து விடுபடும் கொழுப்பு அமிலங்கள் கால்சியத்தோடு சேர்ந்து சோப்பாக மாறுகின்றன. சோடியம் சோப்பு நீரில் கரையும். கால்சியம் சோப்பு கரையாது. புட்டிப்பால் குடிக்கும் சில குழந்தைகளின் மலம் தாய்ப்பால் குழந்தைகளின் மலத்தைவிடக் கெட்டியாக இருப்பதற்கு இந்தக் கால்சியம் சோப்பு ஒரு காரணம் என்று அறியப்பட்டுள்ளது. சிறுகுடலில் உறிஞ்சப்படாமல் பெருங்குடலுக்கு வரும் கொழுப்பு அமிலங்களும் பித்த அமிலங்களும் அங்கே நீர் சுரக்கத் தூண்டுபவை. ஒரு வகையில் உடலின் சொந்த மலமிளக்கிகள். கால்சியம் பாஸ்பேட் பித்த அமிலங்களையும் பற்றிக்கொள்வதால் அந்தத் தூண்டலும் குறைகிறது.

இவை எல்லாம் சேர்ந்தும் எல்லோருக்கும் மலச்சிக்கல் வந்துவிடுவதில்லை. கால்சியம் மாத்திரையையும் வெற்று மாத்திரையையும் ஒப்பிட்ட ஏழு ஆய்வுகளின் தொகுப்பு 2012இல் வெளியானது. மலச்சிக்கல், உப்புசம், வயிற்றுவலி முதலிய தொல்லைகள் வெற்று மாத்திரை எடுத்தவர்களில் நூற்றுக்குச் சுமார் 10 பேருக்கும், கால்சியம் எடுத்தவர்களில் சுமார் 14 பேருக்கும் வந்தன. விளைவு உண்மையானது, ஆனால் மிதமானது. ஏற்கெனவே குடல் மந்தமாக உள்ளவர்கள், முதியோர், தண்ணீர் குறைவாகக் குடிப்பவர்கள் ஆகியோரிடம்தான் அது எளிதாக வெளிப்படுகிறது.

மெக்னீசியம்: கரைந்தே பயணிக்கும் உப்பு

மெக்னீசியம் ஹைட்ராக்சைடு நீரில் கலந்த வெண்ணிறத் திரவம் 'மில்க் ஆஃப் மெக்னீசியா' என்று அழைக்கப்படுகிறது. அமெரிக்காவில் சார்லஸ் பிலிப்ஸ் என்ற மருந்தாளர் 1873இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். இன்றும் அதன் வழக்கமான செறிவு 5 மில்லியில் 400 மில்லிகிராம். 5 முதல் 15 மில்லி வரை குடித்தால் அது ஆன்டாசிட். 30 முதல் 60 மில்லி வரை குடித்தால் அதே திரவம் மலமிளக்கி. இரண்டு வேலைகளுக்கும் இடையே அளவைத் தவிர வேறு வேறுபாடு இல்லை.

இதில் 10 மில்லியை எடுத்துக்கொண்டால் 800 மில்லிகிராம் மெக்னீசியம் ஹைட்ராக்சைடு, அதாவது சுமார் 330 மில்லிகிராம் மெக்னீசியம் வயிற்றுக்குள் போகிறது. மெக்னீசிய அணு கால்சிய அணுவைவிட எடை குறைந்தது. அதனால் இந்த 330 மில்லிகிராமில் உள்ள அணுக்களின் எண்ணிக்கை, ஒரு கால்சியம் மாத்திரையின் 500 மில்லிகிராமில் உள்ள எண்ணிக்கையைவிடச் சற்றே அதிகம், அவ்வளவுதான். ஏறத்தாழ ஒரே எண்ணிக்கையிலான அணுக்கள், ஒரே அளவு மின்னேற்றம். விளைவு மட்டும் நேர்மாறு.

காரணம் மெக்னீசிய அயனியின் இயல்பு. கால்சிய அயனியைவிடச் சிறியதாக இருப்பதால் அது தன்னைச் சுற்றி ஆறு நீர் மூலக்கூறுகளை இறுகப் பற்றிக்கொண்டிருக்கிறது. அந்த நீர்ப் போர்வையை உதறிவிட்டுக் கார்பனேட்டோடு சேர்ந்து படிவது அதற்குக் கடினம். குடலில் அமிலம் குறைந்த பிறகும் மெக்னீசியத்தின் கணிசமான பகுதி கரைந்த நிலையிலேயே தொடர்கிறது. குடல்சுவர் அதை மெதுவாகவும் குறைவாகவுமே உறிஞ்சுகிறது. உறிஞ்சப்படாமல் கரைந்திருக்கும் அயனி தனக்கு ஈடான நீரையும் கூடவே நிறுத்திவைக்கிறது. அப்படிக் கூடும் திரவம் குடலை விரிக்க, விரிந்த குடல் தூண்டப்பட்டு வேகமாகச் சுருங்கி உள்ளே இருப்பதைத் தள்ளுகிறது.

டல்லாஸ் நகரின் பேய்லர் மருத்துவ மையத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் இந்த விளைவை அளந்து 1991இல் வெளியிட்டனர். மலத்தில் கரைந்த நிலையில் கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு 24 மில்லிகிராம் மெக்னீசியத்துக்கும் மலத்தின் எடை சுமார் 7 கிராம் கூடுகிறது என்பது அவர்கள் கண்ட கணக்கு. மேலே சொன்ன 10 மில்லி திரவத்தின் 330 மில்லிகிராமில் 240 மில்லிகிராம் கரைந்தபடியே மலத்தை எட்டினால், எடை 70 கிராம் அதிகரிக்கும். நாள் ஒன்றுக்கு 100 முதல் 200 கிராம் மலம் கழிக்கும் ஒருவருக்கு அது நன்றாகவே தெரியும். ஒரே நாளில் நான்கைந்து முறை குடித்தால் வயிற்றுப்போக்கு ஏற்படுவதில் வியப்பில்லை.

அலுமினியத்தின் துணை

மெக்னீசியத்தின் இந்தக் குணத்தைக் கட்டுப்படுத்தத்தான் பெரும்பாலான ஆன்டாசிட்களில் அலுமினியம் ஹைட்ராக்சைடையும் சேர்க்கிறார்கள். அதன் போக்கு கால்சியத்தை ஒத்தது. குடலில் பாஸ்பேட்டோடு சேர்ந்து கரையாத அலுமினியம் பாஸ்பேட்டாகப் படிகிறது; குடல் தசையையும் தளர்த்தி உணவின் ஓட்டத்தை மந்தமாக்குகிறது. தனியாக எடுத்தால் மலம் கட்டும். ஒன்று இளக்க, மற்றொன்று கட்ட, இரண்டையும் ஒரே புட்டியில் சேர்த்தால் சமநிலை கிடைக்கும் என்பதே அந்தக் கலவையின் தர்க்கம். இந்தியக் கடைகளில் கிடைக்கும் ஜெலுசில், டைஜீன் போன்றவை இந்த வகையைச் சேர்ந்தவை. வாயுக் குமிழிகளை உடைப்பதற்காக அவற்றில் சிமெத்திக்கோனும் சேர்க்கப்படுகிறது.

சமநிலை சிறிய அளவுகளில்தான் நிற்கிறது. அளவு கூடக் கூட மெக்னீசியத்தின் கை ஓங்குகிறது. 1977இல் அமெரிக்காவில் முன்சிறுகுடல் புண் நோயாளிகளுக்கு இத்தகைய கலவையை வேளைக்கு 30 மில்லி வீதம் நாளைக்கு ஏழு வேளை கொடுத்து ஓர் ஆய்வு நடந்தது. நான்கு வாரத்தில் மருந்து குடித்தவர்களில் 78 சதவீதத்தினருக்கும், வெற்று மருந்து குடித்தவர்களில் 45 சதவீதத்தினருக்கும் புண் ஆறியது. ஆனால் மருந்து குடித்தவர்களிடையே வயிற்றுப்போக்கு பரவலாகக் காணப்பட்டது. ஆகவே 'ஆன்டாசிட் மலத்தை இளக்கும்' என்று பொதுவாகச் சொல்ல முடியாது. கால்சியம் அல்லது அலுமினியம் மட்டும் உள்ளவை கட்டும். மெக்னீசியம் உள்ளவை இளக்கும். கலவையானவை அளவைப் பொறுத்து எந்தப் பக்கமும் சாயும்.

ஒரு கர்ப்பிணியின் கணக்கு

இந்தியாவில் கர்ப்பிணிகளுக்கு 14ஆவது வாரம் முதல் நாளைக்கு இரண்டு கால்சியம் மாத்திரைகள் பரிந்துரைக்கப்படுகின்றன. ஒவ்வொன்றிலும் 500 மில்லிகிராம் கால்சியமும் 250 யூனிட் வைட்டமின் டி3யும் இருக்கும். பிரசவத்துக்குப் பிறகும் ஆறு மாதம் வரை இது தொடர்கிறது. இதனுடன் 60 மில்லிகிராம் இரும்புச் சத்து மாத்திரை ஒன்றும் தினமும் உண்டு.

கர்ப்ப காலத்தில் உடலின் கால்சியம் உறிஞ்சும் திறன் கூடுகிறது. 1,000 மில்லிகிராமில் பாதி உறிஞ்சப்பட்டாலும் 500 மில்லிகிராம் குடலில் எஞ்சிப் படியும். உறிஞ்சப்படாத இரும்பும் மலத்தைக் கட்டக்கூடியது. புரொஜெஸ்ட்ரோன் ஹார்மோன் குடல் தசையைத் தளர்த்தி ஓட்டத்தைக் குறைத்திருக்கும். மாதம் ஏற ஏறக் கருப்பை குடலை அழுத்தும். மாத்திரைகளை வெறும் வயிற்றிலோ, இரண்டையும் ஒரே வேளையிலோ போட்டால் தொல்லை கூடுகிறது. கால்சியத்தையும் இரும்பையும் சேர்த்துப் போட்டால் இரும்பு உடலில் சேர்வதும் குறைகிறது.

இவருக்கான சரியான முறை எளிது. காலை உணவுக்குப் பின் ஒரு கால்சியம், இரவு உணவுக்குப் பின் இன்னொன்று. இரும்பு மாத்திரை நடுவில், கால்சியத்திலிருந்து குறைந்தது இரண்டு மணி நேரம் தள்ளி. கால்சியம் குறைவான உணவு உண்ணும் கர்ப்பிணிகளுக்கு இந்த மாத்திரை பேறுகால இரத்த அழுத்த நோயின் ஆபத்தைக் குறைப்பதால், மலச்சிக்கலுக்குப் பயந்து தானாக நிறுத்திவிடக் கூடாது. சுகாதாரச் செவிலியரிடமோ மருத்துவரிடமோ சொல்லி, தேவைப்பட்டால் மாத்திரை வகையை மாற்றிக்கொள்ளலாம்.

தொல்லையைக் குறைக்கும் வழிகள்

முதலில் மாத்திரை அட்டையைப் படிக்க வேண்டும். 'கால்சியம் கார்பனேட்' என்றிருந்தால் உணவோடு அல்லது உணவு முடிந்ததும் எடுக்க வேண்டும். அப்போதுதான் அமிலம் போதிய அளவு சுரந்து மாத்திரை நன்றாகக் கரையும். ஒரு வேளைக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் போனால் உடல் உறிஞ்சும் விகிதம் குறைந்து, குடலில் மிஞ்சுவது கூடுகிறது. 1,000 மில்லிகிராமை ஒரே முறையில் விழுங்குவதைவிட இரண்டாகப் பிரிப்பது மேல்.

மேல்வயிற்றுப் பொருமல்தான் முக்கியத் தொல்லை என்றால் கால்சியம் சிட்ரேட் பொருந்தும். அது கரைய அமிலம் தேவையில்லை. கார்பனேட் இல்லாததால் வாயுவும் உருவாகாது. அமிலச் சுரப்பு குறைந்த முதியோருக்கும், ஒமெப்ரசோல், பான்டோப்ரசோல் போன்ற மாத்திரைகளைத் தொடர்ந்து எடுப்பவர்களுக்கும் இதுவே ஏற்றது. இதன் எடையில் 21 சதவீதம்தான் கால்சியம் என்பதால் மாத்திரை பெரிதாக இருக்கும், அல்லது எண்ணிக்கை கூடும். மலச்சிக்கலுக்கு இது உறுதியான தீர்வல்ல. சிட்ரேட்டிலிருந்து வந்த கால்சியமும் உறிஞ்சப்படாமல் மிஞ்சினால் குடலில் பாஸ்பேட்டோடும் கொழுப்பு அமிலத்தோடும் சேர்ந்து படியத்தான் செய்யும். சிலருக்குக் குறைகிறது, சிலருக்குக் குறைவதில்லை.

மலச்சிக்கலுக்கு நேரடியான வழி மாத்திரையின் அளவைத் தேவைக்குச் சரியாக வைப்பது. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குத் தேவையான கால்சியம் சுமார் 1,000 மில்லிகிராம். அரை லிட்டர் பால் அல்லது தயிரில் 600 மில்லிகிராமும், 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராமும் கிடைக்கின்றன. இவற்றைத் தினமும் சாப்பிடுபவருக்கு 1,000 மில்லிகிராம் மாத்திரை பெரும்பாலும் தேவைப்படாது. குறைவதை மட்டும் மாத்திரையால் நிரப்பினால் போதும்.

ஆன்டாசிட்டால் மலம் இளகினால் அளவைக் குறைப்பதோ, மெக்னீசியம் இல்லாத வகைக்கு மாறுவதோ ஓரிரு நாளில் பலன் தரும். கால்சியத்தால் வந்த மலச்சிக்கலைச் சரிசெய்ய மெக்னீசிய ஆன்டாசிட்டை நாள்தோறும் குடிப்பது நல்ல பழக்கமல்ல. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அது ஆபத்தும்கூட: உறிஞ்சப்பட்ட சிறிதளவு மெக்னீசியத்தையும் அலுமினியத்தையும் வெளியேற்றுவது சிறுநீரகம்தான். அது தளர்ந்திருந்தால் இரண்டும் உடலில் தேங்கும்.

மாத்திரையைக் குறை சொல்லக் கூடாத வேளை

மாத்திரை தொடங்கிய சில நாள்களிலோ வாரங்களிலோ மலச்சிக்கல் வந்து, மருத்துவரின் ஆலோசனைப்படி நிறுத்தியதும் விலகினால், காரணம் மாத்திரை என்று கொள்ளலாம். மாதக்கணக்கில் ஒத்துக்கொண்ட மாத்திரைக்குப் பிறகு திடீரென்று மலச்சிக்கல் தோன்றினால் வேறு காரணத்தைத் தேட வேண்டும். மலத்தில் இரத்தம், காரணமில்லாத எடைக் குறைவு, ஐம்பது வயதுக்கு மேல் புதிதாக மாறிய மலப் பழக்கம் ஆகியவை பரிசோதனை தேவைப்படும் அறிகுறிகள்.

மலச்சிக்கலோடு கடும் தாகம், அடிக்கடி சிறுநீர், வாந்தி, சோர்வு, மனக்குழப்பம் ஆகியவையும் சேர்ந்தால் நிலைமை வேறு. அப்போது கால்சியம் குடலில் படிவது மட்டுமல்ல, இரத்தத்திலேயே அளவுக்கு மீறிவிட்டிருக்கலாம். கால்சியம் கார்பனேட்டை அதிக அளவிலும், வைட்டமின் டியோடும், சில வகை நீர்ப்பெருக்கி மாத்திரைகளோடும் நீண்ட நாள் எடுப்பவர்களிடம் இது ஏற்படுகிறது. இதை வீட்டு வைத்தியத்தால் சரிசெய்ய முடியாது. அன்றே மருத்துவரைப் பார்த்து இரத்தத்தில் கால்சியம் அளவையும் சிறுநீரகச் செயல்பாட்டையும் சோதிக்க வேண்டும்.